15 சதவீதத்தில் அனுப்பியிருந்தால்: வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற ஒரு குழந்தையின் 11 வாரங்கள்

வாரத்துக்கு ஒரு நாள் நடக்கும் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அந்தச் சிறுமி வந்தபோது அவளுக்கு 14 மாதம். வீடு வீடாகக் குழந்தைகளின் கையை அளந்து பார்க்கும் சுகாதாரப் பணியாளர்தான் அனுப்பியிருந்தார். அளவு நாடா சிவப்பில் நின்றதாகச் சீட்டில் எழுதியிருந்தது. தாயைக் கேட்டால் அவர் கையைப் பற்றிப் பேசவே இல்லை. “முன்னெல்லாம் சுவரைப் பிடிச்சு நிப்பா டாக்டர், இப்போ இறக்கி விட்டாலே அழறா” என்றார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஐந்து நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. அது தானாக நின்றது. தாய்ப்பால் தொடர்கிறது, மற்ற உணவில் இரண்டு மூன்று வாய்தான் போகிறது. அவளுக்கு மூன்று வயதில் ஓர் அண்ணன். அவனும் அன்று கூட வந்திருந்தான், வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனை அன்றைக்கே கூப்பிட்டு அளந்திருக்க வேண்டும். அது எங்கள் பிழை. அந்தப் பிழையின் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

குடும்பம் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டு இந்த நிகழ்வை எழுதுகிறேன்.

முதல் நாள் அளவுகள்

உடைகளைக் கழற்றி, 10 கிராம் வரை காட்டும் தராசில் வைத்ததில் எடை 5.70 கிலோ. படுக்க வைத்து அளந்த நீளம் 69 செ.மீ. மேற்கையின் நடுச்சுற்றளவு 108 மி.மீ.

இந்தக் கைச்சுற்றளவில்தான் எல்லாமே தொடங்குகிறது என்பதால் அதை எடுக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடது கையை முழங்கையில் மடக்கி, தோள்பட்டை எலும்பின் நுனியிலிருந்து முழங்கை நுனி வரை அளந்து, நடுப்புள்ளியில் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். அப்புறம் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தக் கோட்டின் மேல் நாடாவைச் சுற்ற வேண்டும். நாடா தோலை எல்லாப் பக்கமும் தொட வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. இறுக்கினால் அளவு குறைந்து காட்டும், தளர்ந்தால் கூடிக் காட்டும். குழந்தை கையை உதறும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறுவது மிகச் சாதாரணம். அதனால் நாங்கள் இரண்டு முறை எடுப்போம். இவளுக்கு 108, 108.

6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் உலக சுகாதார நிறுவனம் பார்க்கச் சொல்வது மூன்று அறிகுறிகளை: கைச்சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழே, அதாவது நாடாவின் சிவப்பில் இருப்பது, நீளத்துக்கேற்ற எடை இயல்பான நடு அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் இசட் மதிப்பு −3க்குக் கீழே இருப்பது, இரண்டு கால்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருப்பது. இந்த மூன்றில் எந்த ஒன்று இருந்தாலும் அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுதான், மூன்றும் சேர வேண்டியதில்லை. இவளுக்கு முதல் இரண்டும் இருந்தன. வீக்கத்துக்கு இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டைவிரலை மூன்று விநாடி அழுத்தி எடுத்துப் பார்த்தோம். குழி இல்லை.

வீட்டுக்கா, வார்டுக்கா

கடும் குறைபாடு என்று தெரிந்தவுடன் படுக்கையில் சேர்ப்பதுதான் ஒரு காலத்தில் வழக்கம். அதற்குக் காரணமும் இருந்தது. சிகிச்சைக்கான பால் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டியது, கரைத்துக் கொஞ்ச நேரம் வைத்தாலே கிருமி பெருகும், வீட்டில் கொடுத்தனுப்ப முடியாது. 1990களில் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந், உணவுத் தொழிலில் இருந்த மிஷேல் லெஸ்கானுடன் சேர்ந்து, அந்தப் பாலின் சத்தை நிலக்கடலை விழுது, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்புகள் சேர்ந்த ஒரு பசையாக மாற்றினார். பசையில் தண்ணீர் கிட்டத்தட்டக் கிடையாது, அதனால் கிருமி வளர வழியில்லை. சமைக்கவோ கரைக்கவோ வேண்டாம், பாக்கெட்டின் முனையைக் கிழித்து அப்படியே ஊட்டலாம். இதைத்தான் உடனடிச் சிகிச்சை உணவு என்கிறோம். இந்த உணவை வைத்து, சிக்கல் இல்லாத குழந்தைகளைச் சமூக அளவிலேயே, வீட்டில் வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் 2007இல் கூட்டாக அறிவித்தன.

“சிக்கல் இல்லாத” என்ற சொல்லில்தான் எங்கள் வேலை இருக்கிறது. எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது வார்டா வீடா என்பதைத் தீர்மானிப்பதில்லை. 108 மி.மீ. என்பது நல்ல அளவே இல்லை. ஆனாலும் அதை மட்டும் வைத்து வார்டுக்கு அனுப்புவதில்லை. குழந்தைக்குக் குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமல் இருக்கிறதா, எல்லாவற்றையும் வாந்தி எடுக்கிறதா, வலிப்பு வந்ததா, துவண்டு மயக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். அப்புறம் கடும் காய்ச்சல், உடல் சில்லிட்டுப் போதல், நிமோனியா, கடும் இரத்தசோகை, தொடரும் வயிற்றுப்போக்கு போன்றவை. வீக்கம் தொடை, கை, முகம் வரை பரவிய மூன்றாம் நிலையில் இருந்தாலும் வார்டுதான். பாதத்தோடு அல்லது முழங்காலுக்குக் கீழே நிற்கும் வீக்கம் என்றால், மற்றவை சரியாக இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் கதை வேறு. அவர்களுக்கு இந்தப் பசை கிடையாது.

இவளுக்கு உடல் வெப்பம் 36.6 டிகிரி. மூச்சு நிமிடத்துக்கு 34. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 40 வந்தால்தான் வேக மூச்சு என்போம். உள்ளங்கை வெளிறவில்லை. கண் குழிந்திருந்தது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்பியது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். நீரிழப்பு என்று எண்ணி நரம்பில் திரவம் ஏற்ற நினைப்பார்கள். தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத குழந்தைக்கு இந்த இரண்டு அறிகுறிகளும் எப்போதுமே இருக்கும். வயிற்றுப்போக்கு இப்போது இருக்கிறதா, கண் இந்த ஒன்றிரண்டு நாளில்தான் குழிந்ததா என்று தாயிடம் கேட்பதுதான் நம்பத் தகுந்த வழி. “ரொம்ப நாளாவே இப்படித்தான் டாக்டர்” என்றார். அவளுக்குத் தாகமும் இல்லை.

பசிச் சோதனை

மிச்சமிருந்தது பசிச் சோதனை. எனக்கு ஒரே ஒரு பரிசோதனைதான் அனுமதி என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். கடும் குறைபாட்டில் கிருமித் தொற்று இருந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம், உடலுக்கு அந்த எதிர்வினைக்கே சக்தி இருக்காது. பசி மட்டும் செத்துப்போயிருக்கும். பசை இறங்கவில்லை என்றால், உள்ளே ஏதோ பெரிதாகக் கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், வெளியே எல்லாம் சரியாகத் தெரிந்தாலும்.

இவள் எடைக்கு ஒரு பாக்கெட்டில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சாப்பிட வேண்டும். தாய் கைகழுவி வந்து, கூட்டத்தின் நடுவிலேயே உட்கார்ந்து விரலில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தார். அவள் முகத்தைத் திருப்பி, துப்பி, உரக்க அழுதாள். எங்கள் செவிலியர், “வேண்டாம் மா, திணிக்காதீங்க. உள்ளே வாங்க” என்று ஒதுக்கமான அறைக்கு அழைத்துப் போனார். பத்து நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. பின்பு கிழித்த பாக்கெட்டைக் குழந்தையின் கையிலேயே கொடுத்தார். அவள் அதைப் பிசைந்து, விரலில் ஒட்டியதை வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். மறுபடி வைத்தாள். இடையிடையே கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர். 25 நிமிடத்தில் பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே காலி, கன்னமெல்லாம் பசை. முதல் ஐந்து நிமிடத்தை வைத்து முடிவெடுத்திருந்தால் தேவையில்லாமல் வார்டுக்குப் போயிருப்பாள்.

சரி, வீட்டிலிருந்தே சிகிச்சை.

எவ்வளவு கொடுப்பது

ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கிலோகலோரி. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 முதல் 220 கிலோகலோரி என்று இருந்தது. 2023 வழிகாட்டுதலில் அது 150 முதல் 185 ஆனது. 5.70 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 855 முதல் 1,055 வரை வருகிறது. இரண்டு பாக்கெட் கொடுத்தால் 1,000, அதாவது கிலோவுக்கு 175. நாளுக்கு இரண்டு, வாரத்துக்கு 14. பழைய மேல்வரம்பின்படி போயிருந்தால் நாளுக்கு இரண்டரை ஆகியிருக்கும்.

தாயிடம் சொன்னது நான்கே விஷயம். முதலில் தாய்ப்பால், அப்புறம் பசை, இரண்டும் முடிந்து இன்னும் பசித்தால்தான் வீட்டு உணவு. ஒரே மூச்சில் ஊட்ட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க. எதிலும் கலக்க வேண்டாம். கூடவே சுத்தமான தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் பசையில் நீர் இல்லை. சொல்லி முடித்ததும் அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னோம். தாய்ப்பாலை அவர் கடைசியில் வைத்தார். மறுபடி சொன்னோம்.

மருந்து என்று பார்த்தால் அமாக்சிசிலின் 250 மி.கி. காலை, இரவு, ஐந்து நாள். முதல் வேளையை எங்கள் முன்னாலேயே கொடுத்தோம். தொற்று எதுவும் தெரியாத குழந்தைக்கு இது அவசியமா என்ற விவாதம் உண்டு. மலாவியில் நடந்த ஆய்வு பலன் உண்டு என்றது, பின்னர் நைஜரில் நடந்த ஆய்வில் குணமாகும் விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. தொற்று மறைந்திருக்கும் சாத்தியத்தை நினைத்து நாங்கள் கொடுக்கிறோம். இரண்டாவது வாரம் பூச்சி மருந்து, அல்பெண்டசோல் 200 மி.கி. தட்டம்மைத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று அட்டையில் பார்த்தோம், போட்டிருந்தது. இரும்புச்சத்து, துத்தநாகம், வைட்டமின் ஏ எதுவும் தனியாகக் கொடுக்கவில்லை, பசையிலேயே அவை இருக்கின்றன. நல்லெண்ணத்தில் இரும்பு டானிக் எழுதிக் கொடுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன், அது இங்கே தேவையில்லாத வேலை.

நின்றுபோன எடை

முதல் வாரம் 5.90 கிலோ. இரண்டாவது வாரம் 6.10. கைச்சுற்றளவு 110, பிறகு 112. எடை ஏற்றத்தை நாங்கள் கிராமில் மட்டும் பார்ப்பதில்லை. ஏறிய கிராமை முந்தைய எடையாலும் இடையில் கழிந்த நாட்களாலும் வகுத்தால், ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் எவ்வளவு என்று கிடைக்கும். முதல் வாரம் 200 கிராமை 5.7ஆலும் 7ஆலும் வகுத்தால் 5. வீட்டிலிருந்து சிகிச்சை பெறும் குழந்தைக்கு இது நல்ல வேகம்.

மூன்றாவது வாரம் 6.12. நான்காவது வாரம் 6.10. கை 112இலேயே நின்றது.

எடை நின்றால் முதலில் உடலில்தான் தேடுவோம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, வீட்டில் யாருக்கும் காசநோய் இல்லை. தராசில் தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்த்தோம், சரியாகவே காட்டியது. காலி பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்வது எங்கள் வழக்கம். எண்ணினோம், 14. கணக்கு சுத்தம்.

துப்பு கிடைத்தது பசிச் சோதனையில். ஒவ்வொரு வாரமும் அதைச் செய்வோம். நான்காவது வாரம் அவள் பாக்கெட்டைப் பார்த்ததுமே தாவினாள். பத்தே நிமிடத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, பாக்கெட்டை மூட விடவில்லை. தினமும் 1,000 கிலோகலோரி சாப்பிடும் குழந்தை காலையில் இப்படிப் பாய்ந்து சாப்பிடாது. உடலில் கோளாறு இருந்து எடை நின்றிருந்தால் பசி மங்கியிருக்க வேண்டும், இங்கே நேர்மாறாக இருந்தது. உணவு வீட்டுக்குப் போகிறது, அவள் வாய்க்குப் போகவில்லை.

தாயிடம் இதை விசாரணை மாதிரிக் கேட்கக் கூடாது. “முழுசும் அவளுக்குத்தானே குடுக்குறீங்க?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எங்கள் விதி. செவிலியர் போனார், கேள்வி கேட்காமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். சிறுமிக்கு ஊட்டத் தொடங்கியதும் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினான். தாய் அவனுக்கும் ஒரு விரல் வைத்தார், அப்புறம் இன்னொரு விரல். “அவனும் பிள்ளைதானே சிஸ்டர். பார்த்துக்கிட்டே இருக்கான், எப்படித் தராம இருக்கறது?”

செவிலியர் பையிலிருந்து நாடாவை எடுத்து அவன் கையை அளந்தார். 121 மி.மீ. 115க்கும் 125க்கும் நடுவில், மிதமான குறைபாடு. அவன் கேட்டது ருசிக்காக மட்டும் இல்லை, பசிக்கும்தான். முதல் நாளே வாசலில் இருந்தவனைக் கூப்பிட்டு அளந்திருந்தால் இந்த இரண்டு வாரம் வீணாகியிருக்காது. மிதமான குறைபாட்டுக்கான துணை உணவுத் திட்டத்தில் அவனைச் சேர்த்து அவனுக்கென்று தனிப் பங்கு வாங்கிக் கொடுத்தோம். தங்கையின் பங்கு அவளுக்கே திரும்பியது. இப்போதெல்லாம் ஒரு குழந்தையைச் சேர்க்கும் அன்றே கூடவந்த ஐந்து வயதுக்குட்பட்ட எல்லோருடைய கையையும் அளந்துவிடுகிறோம்.

ஐந்தாவது வாரம் 6.35 கிலோ, கை 115. ஒரு கிலோவுக்கு நாளுக்கு 5.9 கிராம். இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

ஆறாவது வாரம்: இங்கே நிறுத்தலாமா?

ஆறாவது வாரம் 6.56 கிலோ, கை 117. சிறுமி சிரித்தாள், சுவரைப் பிடித்து நின்றாள். தாய்க்கு வாராவாரம் வருவது சிரமமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. “இப்போ நல்லாத்தானே இருக்கா?”

நான் இந்த வேலையைப் பழகிய காலத்து விதிப்படி அன்றைக்கே அவளை அனுப்பியிருக்கலாம். சேர்த்தபோதிருந்த எடையைவிட 15 சதவீதம் ஏறினால் குணமாகிவிட்டதாக எழுதுவது அப்போது பரவலான வழக்கம். 5.70இல் 15 சதவீதம் கூட்டினால் 6.555. அவள் 6.56இல் நிற்கிறாள். கணக்குப்படி சிகிச்சை முடிந்தது.

ஆனால் கையைப் பாருங்கள். 117 என்பது கடும் குறைபாட்டின் கோட்டுக்கு இரண்டே மில்லிமீட்டர் மேலே. நாடா கொஞ்சம் இறுகினாலே அழிந்துவிடும் வித்தியாசம். ஒரு காய்ச்சல், நான்கு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் மறுபடி சிவப்புக்கு வந்துவிடுவாள்.

சதவீத விதியின் கோளாறு அது எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. கை 114இல் சேர்ந்த குழந்தைக்கு 15 சதவீதம் ஏறினால் அது பாதுகாப்பான இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். 100இல் சேர்ந்த குழந்தைக்கு அதே 15 சதவீதம் ஏறினாலும் அது இன்னும் சிவப்பிலேயே இருக்கலாம். அதோடு, மிகவும் மெலிந்த குழந்தைகள் ஆரம்பத்தில் வேகமாக எடை போடுவார்கள். அதனால் அந்த 15 சதவீதத்தைச் சீக்கிரமே தொட்டு, மற்றவர்களுக்கு முன்னால் வெளியேறுவார்கள். நோய் அதிகமானவருக்குச் சிகிச்சை குறைவாக, நோய் குறைந்தவருக்குச் சிகிச்சை நீளமாக, முழுக்கத் தலைகீழ். எடை ஏறிய சதவீதத்தை வைத்து விடுவிக்கக் கூடாது என்று 2013 வழிகாட்டுதலே நேரடியாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் பழைய அட்டைகளில் அந்த 15 சதவீதக் கட்டம் அச்சாகியே இருக்கும், அதை நிரப்பும் பழக்கமும் இருக்கும்.

அதற்குப் பதிலாக வந்த விதி எளிமையானது. எந்த அளவை வைத்துச் சேர்த்தீர்களோ அதே அளவை வைத்து அனுப்புங்கள். கையால் சேர்த்தால் 125 மி.மீ. அல்லது அதற்கு மேல் வர வேண்டும். நீளத்துக்கேற்ற எடையால் சேர்த்தால் இசட் மதிப்பு −2 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். வீக்கத்தை மட்டும் வைத்துச் சேர்த்திருந்தால், அந்த நிலையத்தில் வழக்கமாக எந்த அளவைப் பார்க்கிறார்களோ அதை வைத்து முடிவெடுக்கலாம். எதுவானாலும் வீக்கம் இருக்கக் கூடாது, இந்த நிலை ஒரு நாள் அளவாக இல்லாமல் அடுத்தடுத்த இரண்டு வருகைகளிலும் நீடிக்க வேண்டும். இவளை இரண்டு அளவுகளாலும் சேர்த்திருந்ததால் இரண்டும் தேறும் வரை காத்திருப்பதென்று முடிவு செய்தோம்.

ஆறாவது வாரத்திலிருந்து பசையின் அளவைக் குறைக்க ஒரு வழி உண்டு. குழந்தை கடும் குறைபாட்டிலிருந்து வெளியே வந்துவிட்டால், மீதிக் காலத்துக்குக் கிலோவுக்கு 100 முதல் 130 கிலோகலோரி போதும் என்று 2023 வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. அப்படிப் பார்த்தால் நாளுக்கு ஒன்றரை பாக்கெட். கையிருப்பு குறைவாக இருக்கும் இடத்தில் இது பெரிய உதவி. பகிர்ந்து கொடுத்த வீடு என்பதால் நாங்கள் இரண்டிலேயே வைத்துக்கொண்டோம். எடை கூடக் கூட, அதே இரண்டு பாக்கெட் கிலோவுக்கு 140 வரை தானாகவே இறங்கியது.

125

ஏழாவது வாரம் 6.70 கிலோ, கை 119. எட்டாவது வாரம் 6.85, 121. முன்புபோல வேகம் இல்லை, அது இயல்பு. குழந்தை நிரம்ப நிரம்ப ஏற்றம் தணியும்.

ஒன்பதாவது வாரம் ஒரு சின்னக் குழப்பம். பயிற்சிக்கு வந்திருந்த ஒருவர் அளந்து, “126 டாக்டர், முடிஞ்சது” என்றார். ஒரே வாரத்தில் ஐந்து மில்லிமீட்டர் ஏறியது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்கிப் பார்த்தேன். நாடாவுக்கும் தோலுக்கும் நடுவில் என் நகம் போகும் அளவுக்கு இடைவெளி. மறுபடி அளந்தால் 123. இரண்டு வருகை வேண்டும் என்ற விதி இதற்காகவும்தான்.

பத்தாவது வாரம் 7.10 கிலோ, கை 125. பதினொன்றாவது வாரம் 7.20 கிலோ, கை 126, நீளம் 70.5 செ.மீ., இசட் மதிப்பு −2க்கு மேலே. வீக்கம் எந்த வாரமும் இல்லை. விடுவித்தோம். மொத்த எடை ஏற்றம் 26 சதவீதம். 77 நாளுக்குச் சராசரி போட்டால் கிலோவுக்கு நாளுக்கு 3.4 கிராம். பகிர்ந்து கொடுத்த அந்த இரண்டு வாரங்கள்தான் இதை இழுத்தன.

15 சதவீதத்தில் நிறுத்தியிருந்தால் ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும், எங்கள் பதிவேட்டில் குணமானவர் எண்ணிக்கையும் சீக்கிரம் கூடியிருக்கும். குணமானவர் 75 சதவீதத்துக்கு மேல், இறப்பு 10க்குக் கீழ், பாதியில் நின்றவர்கள் 15க்குக் கீழ் என்பவை மனிதாபிமான உதவிப் பணிகளுக்கான ஸ்பியர் தரநிலைகள். சதவீத விதியில் அனுப்பினால் இந்தக் கணக்கு அழகாக வரும். 117இல் போன குழந்தை மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தால் அது புதுச் சேர்க்கையாக எழுதப்படும், யார் கண்ணிலும் படாது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 125 வரை வைத்திருப்பதற்கு விலை உண்டு. பாக்கெட் கூடுதலாகச் செலவாகும், தாய்க்கு ஐந்து வாரத்துப் பயணம் கூடும், இடையில் வராமல் நின்றுபோகும் ஆபத்தும் கூடும். இவள் தாய் ஏழாவது வாரத்தில் வரவே மாட்டார் என்றுதான் நினைத்தேன். அதனால் அந்த வாரத்திலிருந்து மகனையும் அதே நாளில், அதே வரிசையில் பார்க்க ஏற்பாடு செய்தோம். ஒரே பயணத்தில் இரண்டு பிள்ளைகளின் வேலையும் முடிந்தது. வந்தார்.

எந்த விதியிலும் முடியாத குழந்தைகளும் உண்டு. நான்கு மாதம் ஆகியும் 125ஐத் தொடாவிட்டால் குணமாகவில்லை என்று எழுதி, காசநோய், எச்.ஐ.வி., இதயக் கோளாறு போன்றவற்றைத் தேட மேல் மருத்துவமனைக்கு அனுப்புவோம். பாக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே இருப்பதில் அங்கே அர்த்தமில்லை.

பின்தொடர்வு

விடுவித்த அன்று தாயின் கையில் ஒரு நாடாவைக் கொடுத்தோம். எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டாலும் நிறம் போதும். ஆனால் இவருக்கு எண் தெரியும். செவிலியர் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் இறுக்கினார், குழந்தை கத்தியது. தளர்த்தினார், நாடா வழுக்கியது. நான்காவது முறை சரியாக வந்தது.

ஒரு மாதம் கழித்து வந்தபோது இடையில் ஒரு வாரம் சளிக்காய்ச்சல் இருந்ததாகச் சொன்னார். “ரெண்டு நாளைக்கு ஒருமுறை அளந்தேன் டாக்டர். 124க்கு வந்துச்சு, பயந்துட்டேன். அப்புறம் திரும்ப ஏறிடுச்சு.” நான் அளந்தேன், 127. மகனை அளக்கக் கையை நீட்டினேன். “அவனுக்கு 129, காலையிலயே பார்த்துட்டேன்” என்றார். பார்த்தேன், 128.